நடுவில் காணாமல் போன 20 நிமிடம்

1959இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒரு சவர நுரை விளம்பரம் வந்தது. ‘ரேப்பிட் ஷேவ்’ என்ற அந்த நுரையை உப்புத்தாளின் மேல் பூசினார்கள். அடுத்த நொடியே ரேசரை வைத்து இழுக்க, தாளில் ஒட்டியிருந்த மணல் வழித்துக்கொண்டு வந்தது. உப்புத்தாளையே சவரம் செய்யும் நுரை, முரட்டுத் தாடியை விடுமா? பார்த்தவர்கள் நம்பினார்கள். அமெரிக்க வணிக ஆணையம் தோண்டியபோது இரண்டு விஷயங்கள் வெளியே வந்தன. திரையில் தெரிந்தது உப்புத்தாளே இல்லை. கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தகட்டில் மணலைத் தூவி வைத்திருந்தார்கள். உண்மையான உப்புத்தாளையும் அந்த நுரையால் சவரம் செய்யலாம்தான், ஆனால் அதற்கு ஏறக்குறைய 80 நிமிடம் ஊற வேண்டும். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், கண்ணால் பார்த்த சாட்சி என்று சொல்லிக்கொண்டு போலிப் பொருளைக் காட்டியது ஏமாற்றுதான் என்று 1965இல் தீர்ப்பானது.

நீதிமன்றத்தின் கவனம் பிளாஸ்டிக் தகட்டின் மேல் இருந்தது. இன்றைக்கு வீட்டுச் சுத்தம் பற்றிய குறும்படங்களைப் பார்க்கிறவருக்கு அதைவிடச் சுவையானது அந்த 80 நிமிடம். வேலை நடக்கும், பொருளும் பலிக்கும், ஊற வைத்த நேரம் மட்டும் வெட்டப்பட்டிருக்கும்.

இந்தியாவில் இந்தப் படங்கள் பெருகியது 2020க்குப் பிறகு. அந்த ஆண்டு ஜூன் மாதக் கடைசியில் டிக்டாக் தடைசெய்யப்பட்டது. ஜூலையில் இன்ஸ்டாகிராம் ரீல்ஸும் செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸும் இங்கே வந்து இறங்கின. ஷார்ட்ஸ் 2024 அக்டோபர் வரை 60 நொடிதான். பிறகு 3 நிமிடமாக நீண்டது. மூன்று நிமிடம் கொடுத்தாலும் குழாய்க் கறை 20 நிமிடம் ஊறுவதை யாரும் உட்கார்ந்து பார்க்கப் போவதில்லை. ஆகவே வெட்டியே தீர வேண்டும். வெட்டியதைச் சொல்கிறார்களா என்பதில்தான் நம்பகமான குறிப்பும் நம்ப முடியாத குறிப்பும் பிரிகின்றன.

சுத்தம் செய்யும் தொழிலில் இருப்பவர்கள் இதை ஒரு வட்டமாக வரைந்து கற்றுக்கொடுப்பார்கள். ஜெர்மனியின் ஹென்கெல் நிறுவனத்தில் வேலை பார்த்த ஹெர்பர்ட் சின்னர் அதே 1959இல் சொன்ன கணக்கு அது. எந்த அழுக்கையும் நீக்குவது நான்கு காரியங்கள்: ரசாயனம், தேய்ப்பு, சூடு, நேரம். ஒன்றைக் குறைத்தால் மற்றவற்றில் ஏதாவது ஒன்று கூட வேண்டும். ‘ரெண்டே நிமிஷத்துல பளிச்’ என்று ஒருவர் சொன்னால், அவர் நேரத்தைக் குறைத்துவிட்டார் என்று பொருள். அப்படியானால் எதைக் கூட்டினார்? கடுமையான ஆசிட்டையா, கம்பி நாரையா, கொதிநீரையா? மூன்றும் இல்லாமல், லேசான கரைசலை ஊற்றி, மெல்லிய பஞ்சால் ஒரே ஒரு முறை துடைத்ததுமே கறை போகிறது என்றால், ஊறிய நேரம் வெட்டப்பட்டிருக்கும். அல்லது அந்தக் கறை படப்பிடிப்புக்காகச் சற்று முன்தான் பூசப்பட்டிருக்கும்.

எல்லாக் கறைகளையும் பார்ப்பதைவிட, தமிழ்நாட்டுக் குளியலறைகளில் மிகுதியாகத் தெரியும் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம்: போர் தண்ணீரால் குழாயிலும் டைலிலும் ஏறும் வெள்ளை உப்புக்கறை. உப்பு என்று சொல்கிறோமே தவிர, அது சாப்பாட்டு உப்பு இல்லை. சாப்பாட்டு உப்பாக இருந்தால் தண்ணீர் ஊற்றினாலே கரைந்துவிடும். கடின நீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட், நீர் காய்கிறபோது கார்பன் டை ஆக்சைடை விட்டுவிட்டுக் கால்சியம் கார்பனேட்டாகப் படிகிறது. சுண்ணாம்புக் கல்லும் இதே சரக்குதான். வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் குடிநீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 600 மில்லிகிராம் வரை போகலாம் என்று இந்தியத் தர நிர்ணயம் சொல்கிறது. அப்படிப்பட்ட ஒரு லிட்டர் நீர் டைலின் மேல் முழுதும் காய்ந்தால், அரை கிராமுக்கு மேல் சுண்ணாம்பு தங்கலாம். தினமும் குளிக்கிற சுவரில் ஒரு வருடத்தில் என்ன ஏறும் என்று சொல்ல வேண்டியதில்லை.

சுண்ணாம்பைக் கரைப்பது அமிலம். இதில் மாயம் ஒன்றும் இல்லை. எலுமிச்சைச் சாறு, வினிகர், கடையில் எலுமிச்சை உப்பு என்ற பெயரில் கிடைக்கும் சிட்ரிக் ஆசிட் எல்லாமே வேலை செய்யும், வேகம்தான் வேறுபடும். ஆனால் குறும்படங்களில் அதிகம் வருவது இவற்றில் எதுவும் தனியாக இல்லை. ஆப்பச் சோடாவின் மேல் வினிகரை ஊற்றும் காட்சிதான் வருகிறது. ஊற்றியதும் நுரை பொங்கும். கேமராவுக்கு அதைவிட நல்ல விருந்து கிடையாது.

அந்த நுரையை நிறுத்திக் கேட்டால் கணக்கு உதைக்கிறது. வினிகரில் இருப்பது சுமார் 5 சதவீத அசிட்டிக் அமிலம். ஆப்பச் சோடா காரம். இரண்டும் சந்தித்தால் ஒன்றையொன்று தீர்த்துக்கொண்டு, சோடியம் அசிடேட் என்ற சாதுவான உப்பும் தண்ணீரும் கார்பன் டை ஆக்சைடும் மிஞ்சும். பொங்குவது அந்த வாயுதான். தலைதட்டிய ஒரு டீஸ்பூன் சோடா, ஏறக்குறைய 70 மில்லி வினிகரின் அமிலத்தை முழுதாகத் தின்றுவிடும். அதாவது கறையைக் கரைக்க வந்த அமிலம், கறையைத் தொடுவதற்கு முன்பே செலவாகிவிட்டது. நுரை அடங்கியபின் கிண்ணத்தில் இருப்பது கிட்டத்தட்ட உப்புத் தண்ணீர். அப்படியும் சில படங்களில் கறை போகிறதே? கரையாமல் மிச்சமிருக்கும் சோடாத் தூள் மெல்லிய சுரண்டியாக வேலை செய்கிறது. பிரஷ் போட்டுத் தேய்க்கிற கையும் சேர்ந்துகொள்கிறது. சின்னரின் வட்டத்தில் இது தேய்ப்பின் கணக்கு. ரசாயனத்தின் பேரில் எழுதிவிடுகிறார்கள்.

நுரை முற்றிலும் வீண் என்றும் சொல்ல முடியாது. தண்ணீர் போகும் குழியில் தளர்வாகத் தங்கிய குப்பையை அந்தப் பொங்கல் கொஞ்சம் கிளப்பிவிடும். உப்புக்கறையில் மட்டும் அதற்குப் பேச்சில்லை.

இனி ஒரு குழாயை எடுத்து முறையாகச் செய்து பார்ப்போம். குரோம் பூசிய பித்தளைக் குழாய். அடிப்பாகத்தில், டைலைத் தொடும் இடத்தில் வளையமாக வெள்ளை. முதலில் அது சுண்ணாம்புதானா என்று பார்க்க வேண்டும். நகத்தால் சுரண்டி, தூள் எழுந்த இடத்தில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு வைத்தால் சின்னச் சின்னக் குமிழி வரும். குமிழி வராவிட்டால், வேறு கதை. சோப்பும் கடின நீரும் சேர்ந்து உண்டான மெழுகுப் பிசுக்காக இருக்கலாம்; அது நகத்தில் தூளாக வராமல் பசையாக வரும், அதற்குப் பாத்திரம் கழுவும் திரவமும் வெந்நீரும் முதலில் தேவை. இரண்டும் அடுக்கடுக்காக இருப்பதும் உண்டு. அப்போது பிசுக்கை எடுத்த பிறகே அமிலத்துக்கு வழி கிடைக்கும்.

குமிழி வந்தால் கரைசலைத் தயார் செய்யலாம். ஒரு டம்ளர், அதாவது 200 மில்லி வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு டீஸ்பூன் சிட்ரிக் ஆசிட். இதுவும் சுமார் 5 சதவீதம்தான். வினிகரின் நெடி இல்லை என்பது கூடுதல் வசதி. அடுத்தது முக்கியம். கரைசலைத் தெளித்தால் குழாயின் வளைவில் நிற்காது, ஓடிவிடும். டிஷ்யூவையோ பழைய பருத்தித் துணிக் கிழிசலையோ கரைசலில் நனைத்து, அடிப்பாகத்தைச் சுற்றி வளையமாக ஒட்ட வைக்க வேண்டும். 20 நிமிடம் அப்படியே இருக்கட்டும், நடுவில் ஒரு தடவை மறுபடி நனைத்துவிடலாம். காய விடக் கூடாது. காய்ந்தால், கரைந்த சுண்ணாம்பு கால்சியம் சிட்ரேட் என்ற இன்னொரு வெள்ளைப் படலமாக அதே இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். ‘சொன்னபடிதான் செய்தேன், முன்பைவிட வெளுத்துப்போச்சு’ என்று புலம்புகிறவர்களில் சிலருக்கு நடந்தது இதுதான்.

பிறகு துணியை எடுத்துவிட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் அடி விளிம்பைச் சுற்றித் தேய்த்து, தண்ணீர் விட்டுக் கழுவி, காய்ந்த மைக்ரோ ஃபைபர் துணியால் துடைக்க வேண்டும். கை வேலை ஐந்து நிமிடம்கூட ஆகாது. மெல்லிய படலம் ஒரே தடவையில் போய்விடும். சிப்பி ஓடு போலத் தடித்துக் கிடந்தால் மேலடுக்கு மட்டும்தான் இளகும். அதே துணிக்கட்டை இரண்டாவது, மூன்றாவது முறையும் போட வேண்டியிருக்கும். எது மிச்சம் என்று விரல் சொல்லிவிடும். நகம் இடறினால் சுண்ணாம்பு இன்னும் இருக்கிறது. நகம் வழுக்கிக்கொண்டு போகிறது, ஆனாலும் மங்கலாகத் தெரிகிறது என்றால் குரோம் பூச்சே தேய்ந்துவிட்டது. அதற்கு மேல் எந்த அமிலம் போட்டாலும் கெடுதல்தான்.

இங்கேதான் கருவியின் பெயர் வேலைக்கு வருகிறது. பல படங்களில் ‘ஒரு பிரஷ்’, ‘ஒரு ஸ்க்ரப்பர்’ என்று போகிற போக்கில் சொல்லிவிடுகிறார்கள். பார்க்கிறவர் வீட்டில் கைக்கு வருவது பாத்திரம் தேய்க்கும் கம்பி நார். குரோம் கடினமானதுதான், ஆனால் குழாயின் மேல் அது பூசப்பட்டிருப்பது மிக மெல்லிய படலமாக. கம்பி நார் அதில் கோடு போட்டுவிடும். பிறகு அந்தக் கோடுகளில் உப்பு இன்னும் சுலபமாகப் பிடிக்கும். ஆகவே ‘பழைய டூத் பிரஷ், நைலான் இழை’ என்று சொல்வது அலங்காரம் ஆகாது, பாதிப் பாதுகாப்பு அதுவே. பச்சை நிறத் தேய்ப்புப் பட்டையும் இதே குற்றவாளிதான். அந்த இழைகளில் சுரண்டும் துகள்கள் கலந்திருக்கின்றன. ‘மேஜிக் ஸ்பாஞ்ச்’ என்று விற்கும் வெள்ளைப் பஞ்சைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ‘கெமிக்கலே இல்லை, தண்ணீர் மட்டும் போதும்’ என்பார்கள். உண்மைதான், ஏனென்றால் அது மெலமைன் நுரை. மிக நுண்ணிய உப்புத்தாளைப் போல மேற்பரப்பைத் தேய்த்தெடுக்கிறது. சுவரில் பிள்ளை கிறுக்கிய பென்சில் கோட்டுக்கு அபாரம். பளபளப்பான பெயிண்டில் போட்டால் கோட்டோடு பளபளப்பும் போய்விடும்.

இதையே 60 நொடிக்குள் நாணயமாக எப்படிக் காட்டுவது? முதல் ஐந்து நொடி, காய்ந்த குழாயின் அடிப்பாகம், கிட்டத்தில். நகம் சுரண்டும் சத்தம் கேட்க வேண்டும். அடுத்த ஏழெட்டு நொடியில் பொருள்கள் ஒவ்வொன்றாகப் பெயரோடும் அளவோடும் வரட்டும்: சிட்ரிக் ஆசிட் 2 டீஸ்பூன், தண்ணீர் 1 டம்ளர், டிஷ்யூ, டூத் பிரஷ், துணி. பத்து நொடி டிஷ்யூ சுற்றுவதற்கு. அப்போது சட்டகத்தின் ஓரத்தில் ஒரு கடிகாரம் தெரிந்தால் போதும். வெட்டியபின் அதே கோணத்தில் முள் 20 நிமிடம் நகர்ந்திருக்கும், திரையில் ‘20 நிமிடம் கழித்து’ என்று எழுத்தும் வரும். பிரஷ் போடுவதை நிஜ வேகத்தில் பதினைந்து நொடியாவது காட்ட வேண்டும். வேகத்தை நான்கு மடங்காக்கினால் கை எவ்வளவு அழுத்துகிறது என்பது தெரியாமல் போய்விடும். கழுவி, துடைத்து, கடைசிப் பத்து நொடி காய்ந்த குழாய்க்கு.

காய்ந்த குழாய் என்பதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. உப்புப் படலம் வெள்ளையாகத் தெரிவது, அதன் சொரசொரப்பு வெளிச்சத்தைச் சிதறடிப்பதால். மேலே தண்ணீர் நின்றால் அந்தச் சொரசொரப்பு நிரம்பிவிடும், சிதறல் குறையும், கறை மறைந்தது போலத் தெரியும். வெறும் தண்ணீரை ஊற்றினாலே எந்த டைலும் அரை நிமிடத்துக்குப் புதுசுதான். ஆகவே கழுவி முடித்த கையோடு, ஈரம் சொட்டச் சொட்டக் காட்டுகிற ‘பிறகு’ காட்சிக்குச் சாட்சி மதிப்பு கிடையாது. வெளிச்சமும் இப்படித்தான். பக்கவாட்டில் விளக்கு வைத்தால் கறை பயமுறுத்தும், நேர் எதிரே வைத்தால் பதுங்கிக்கொள்ளும். ‘முன்பு’ பக்க வெளிச்சத்திலும் ‘பிறகு’ நேர் வெளிச்சத்திலும் எடுத்தால், கையைத் தூக்காமலே பாதிக் கறை போய்விடும். ஒரே டைலின் நடுவில் பேப்பர் டேப் ஒட்டி, ஒரு பாதியை மட்டும் சுத்தம் செய்து, காய்ந்தபின் டேப்பை உரித்துக் காட்டுகிறவர்கள் மேல் இந்தச் சந்தேகமே வராது. ஒரே சட்டகம், ஒரே வெளிச்சம், இரண்டு பாதி.

உடனடிப் பலன் என்றாலே பொய் என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. வேகமாக நடக்கிற வேலைகள் இருக்கின்றன. கறுத்த வெள்ளிக் கொலுசு அதில் ஒன்று. ஒரு பாத்திரத்தின் உள்ளே அலுமினியத் தாளை விரித்து, கொலுசு அதைத் தொட்டுக்கொண்டிருக்கும்படி வைத்து, இரண்டு டேபிள்ஸ்பூன் ஆப்பச் சோடா தூவி, கொதித்த தண்ணீர் ஒரு லிட்டர் ஊற்றினால், லேசான கறுப்பு சில நிமிடங்களில் கண்ணெதிரே மாறும். கூழ்முட்டை வாசம் லேசாக வரும். அது கறுப்பிலிருந்த கந்தகம் கிளம்புவது. கறுப்பு என்பது வெள்ளி சல்பைடு. அலுமினியம் தானே ஆக்சைடாகி, அந்தக் கந்தகத்தைப் பிரித்து, வெள்ளியை மறுபடி வெள்ளியாக்குகிறது. சின்னரின் கணக்கில் நேரமும் தேய்ப்பும் குறைந்ததற்கு ஈடாக ரசாயனமும் சூடும் ஏறியிருக்கின்றன, அவ்வளவுதான். இதற்கும் எல்லை உண்டு. தாளைத் தொடாத கண்ணிகள் கறுப்பாகவே நிற்கும், திருப்பிப் போட வேண்டும். கல்லோ முத்தோ எனாமலோ பதித்த நகைக்குக் கொதிநீர் ஆகாது. வேலைப்பாடு எடுப்பாகத் தெரிவதற்காகவே கறுப்பேற்றிய வெள்ளி நகையில் அந்தக் கறுப்பும் சேர்ந்து போய்விடும்.

பித்தளைக் குத்துவிளக்குக்குப் புளி போடுவதும் இந்த வகைதான். புளியில் உள்ள டார்டாரிக் அமிலம் செம்பின் ஆக்சைடு படலத்தை உடனே கரைக்கிறது. கொஞ்சம் உப்பு சேர்த்தால் இன்னும் வேகம். பாட்டிமார் சொன்னதால் நம்ப வேண்டும் என்றில்லை, படலம் மெல்லியது என்பதால் நம்பலாம்.

இனி கடுமையான பக்கம். நேரத்தைக் குறைக்க ரசாயனத்தைக் கூட்டுகிறவர்கள் கழிவறைத் திரவத்தைக் குழாய்க்கும் டைலுக்கும் ஊற்றுகிறார்கள். அந்தத் திரவங்களில் பல ஹைட்ரோகுளோரிக் அமிலம் கலந்தவை. சுண்ணாம்பு நிமிடத்தில் சீறிக் கரையும், உண்மைதான். டைல்களுக்கு இடையிலுள்ள சிமென்ட் பூச்சும் அதோடு கரையும். ஸ்டீல் வடிகட்டித் தட்டு துருப்பிடிக்கும். இதைவிட மோசமானது, ‘டபுள் பவர்’ என்று சொல்லி அதே இடத்தில் பிளீச்சிங் பவுடரையும் தூவுவது. பிளீச்சும் அமிலமும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். நீச்சல் குள வாசம் சுள்ளென்று மூக்கில் ஏறி, கண் எரிந்து, இருமல் வந்தால் அதுதான் அடையாளம். அந்த நொடியில் மேலும் எதையும் ஊற்றாமல் வெளியே வந்து, காற்றோட்டம் உண்டாக்க வேண்டும். மூடிய சின்னக் குளியலறையில் இது விளையாட்டு இல்லை. வினிகரும் சிட்ரிக் ஆசிட்டும் அமிலம்தான் என்பதால் பிளீச்சோடு அவற்றுக்கும் இதே தடை. கலக்கக் கூடாத ஒன்றின் பெயரைச் சொல்ல மூன்று நொடி போதும். அந்த மூன்று நொடி பெரும்பாலான படங்களில் இருப்பதில்லை.

சட்டம் இதில் எவ்வளவு தூரம் வருகிறது? காசு வாங்கிக்கொண்டோ இலவசப் பொருள் வாங்கிக்கொண்டோ எடுத்த படம் என்றால் அதைத் தெரியும்படி குறிப்பிட வேண்டும் என்று இந்திய விளம்பரத் தரக் குழு 2021இல் விதிமுறை கொண்டுவந்தது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் தவறான விளம்பரங்களுக்கு எதிரான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி முதல் தவறுக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போட அதற்கு அதிகாரம் உண்டு. ஆனால் இவையெல்லாம் விளம்பரத்தைப் பற்றியவை. எந்த நிறுவனமும் பின்னால் இல்லாமல், பார்வைகளுக்காக மட்டும் சோடாவையும் வினிகரையும் பொங்க வைக்கிறவரை இவை பெரிதாகத் தொடுவதில்லை. அங்கே காவல், படம் பார்க்கிறவரின் கண்ணும் படத்தின் தலைப்பும்தான். ‘2 நிமிடத்தில் உப்புக்கறை மாயம்’ என்பதற்குப் பதிலாக ‘5 நிமிட வேலை, 20 நிமிட ஊறல்: குரோம் குழாயின் மெல்லிய உப்புக்கறைக்கு’ என்று போட்டால் கவர்ச்சி கொஞ்சம் குறையும்தான். செய்து பார்த்தவர் திட்ட மாட்டார்.

தலைப்பில் ‘குரோம் குழாய்’ என்று பரப்பின் பெயர் வருவதற்கும் காரணம் உண்டு. அதே சிட்ரிக் ஆசிட்டை அதே 20 நிமிடம் சமையலறை மேடையில் வைத்தால், மேடை கிரானைட்டாக இருக்கும்வரை பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். கடப்பா கல்லாக இருந்தால் பிழைக்காது. கடப்பா கல் சுண்ணாம்புக் கல் வகை. பளிங்கும் அப்படியே, பழைய வீடுகளின் மொசைக் தரையில் பதித்திருப்பதும் பெரும்பாலும் பளிங்குச் சில்லுகள்தான். அமிலத்துக்குக் கறையில் உள்ள சுண்ணாம்புக்கும் கல்லில் உள்ள சுண்ணாம்புக்கும் வித்தியாசம் தெரியாது. இரண்டும் குமிழி விடும். கறுப்பு மேடையில் எலுமிச்சை மூடியைக் கவிழ்த்துவைத்த இடத்தில் வட்டமாக ஒரு வெளிறிய தழும்பு தெரிந்தால், அது கறை ஏறியதால் வந்ததில்லை, கல் அரித்ததால் வந்தது. அதைத் துடைக்க முடியாது. பாலிஷ் போடுகிறவரைக் கூப்பிட்டு, மேடையை மெஷின் வைத்து இழைக்கச் சொல்ல வேண்டும். அதற்கு அரை நாள் ஆகும்.